ஐம்பது பைசாவும் ஒரு ரிவ்யூ கமெண்ட்டும்

“காசு கணக்குல round() போடக்கூடாதுன்னு கூடத் தெரியாதா? பேசிக் விஷயம் இது.”

எங்கள் மூத்த சகா ஒருவர் ஒரு புல் ரிக்வெஸ்டில் போடுவதற்காக எழுதி, அனுப்பும் முன் என்னிடம் காட்டிய கமெண்ட் இது. எங்கள் அணியில் கொஞ்ச நாளாக இந்தப் பழக்கம் இருக்கிறது. கோபத்தில் எழுதியது போலத் தோன்றினால் பக்கத்து மேஜைக்காரரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்புவது. பெரும்பாலும் என்னிடம்தான் வரும். திருத்தி எழுத உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது மரியாதையை அல்ல. இதைப் படித்தவரால் பிழையைத் திருத்த முடியுமா என்றுதான் பார்ப்பேன்.

மேலே உள்ள கமெண்ட்டை வைத்துத் திருத்த முடியாது. சொன்னவருக்கு விஷயம் தெரியும், பிழையும் உண்மையிலேயே இருந்தது. ஆனால் எந்தத் தொகைக்குத் தப்பாக வருகிறது, சரியான தொகை எவ்வளவு, ஏன் அப்படி ஆகிறது என்பதெல்லாம் அவர் மனதிலேயே நின்றுவிட்டது. எழுத்தில் வந்தது எதிராளியின் அறிவைப் பற்றிய தீர்ப்பு மட்டும்தான்.

விஷயம் என்னவென்று சொல்கிறேன். சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு வாங்கும் சேகோ ஆலைகளுக்கு பில் போடும் மென்பொருள் எங்களுடையது. கிழங்குக்கு எடையை மட்டும் வைத்துக் காசு கிடையாது. மாதிரி எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். டன் எடை, பாயிண்ட், ஒரு பாயிண்ட்டுக்கு அன்றைய விலை, மூன்றையும் பெருக்கினால் விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை. கடைசியில் பைசாவை முழு ரூபாய்க்கு மாற்றுவார்கள். ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாய் கூடும். எங்கள் வாடிக்கையாளர்களின் கணக்குப்பிள்ளைகள் கையால் பில் எழுதிய காலத்திலிருந்தே வழக்கம் அதுதான். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அந்தக் கடைசிப் படியை இப்படி எழுதியிருந்தார்:

```python
def bill_amount(tonnes, points, rate):
    return round(tonnes * points * rate)
```

ஒரு டெஸ்ட்டும் எழுதியிருந்தார். 8.75 டன், 26 பாயிண்ட், பாயிண்ட்டுக்கு 309 ரூபாய். பெருக்கினால் 70297.50. முழு ரூபாயில் 70298 வரவேண்டும், வந்தது. டெஸ்ட் பச்சை.

நான் மூத்தவரிடம், “அண்ணா, எந்த நம்பருக்கு உதைக்குதுன்னு ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க” என்றேன். டெர்மினலைத் திறந்து டன்னை மட்டும் 8.25 என்று மாற்றினார். பெருக்கினால் 66280.50. கணக்குப்பிள்ளை 66281 என்று எழுதுவார். round() தந்தது 66280. பைத்தான் 3 சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலே ஏற்றுவதில்லை. பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். 70297.50-க்கு இரட்டைப்படை மேலே இருக்கிறது, அதனால் தற்செயலாகச் சரியாக வந்துவிட்டது. 66280.50-க்கு அது கீழே இருக்கிறது, விவசாயிக்கு ஒரு ரூபாய் குறைகிறது. ஒரு ரூபாய்தானே என்று விட முடியாது. தன் கையால் போட்ட கணக்கும் பில்லும் ஒத்துப்போகாவிட்டால், அந்த விவசாயி அதற்குப் பிறகு எடையையும் பாயிண்ட்டையும் கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இந்த ஒரு எண் கையில் வந்ததும் கமெண்ட் தானாக மாறிவிட்டது. நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அவர் அனுப்பியது இது:

“இந்த round() 8.25 டன், 26 பாயிண்ட், 309 ரூபாய்க்கு 66280 தருது. ஆலை வழக்கப்படி 66281 வரணும். பைத்தான் 3-ல் round() சரிபாதியை இரட்டைப்படைப் பக்கம் தள்ளும். டெஸ்ட்டில் இருக்கிற 8.75 டன்னுக்கு அந்த இரட்டைப்படை மேலே இருக்கிறதால மாட்டலை. Decimal வைச்சு ROUND_HALF_UP கொடுத்தா சரியாகும். 8.25 டன்னையும் டெஸ்ட்டில் சேர்த்துடுங்க. மெர்ஜுக்கு முன்னாடி இது கண்டிப்பா வேணும்.”

இதில் தேன் தடவிய சொல் ஒன்றுகூட இல்லை. “கண்டிப்பா” என்ற சொல்கூட இருக்கிறது. ஆனாலும் படிப்பவருக்கு எங்கும் சுருக்கென்று குத்தாது. பிழையைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எதையாவது செய்வது round(), அல்லது டெஸ்ட், அல்லது ஆலை வழக்கம். தமிழில் இதைக் கவனித்துத்தான் செய்யவேண்டும். “நீங்க” என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். “தப்பா போட்டிருக்கீங்க”, “டெஸ்ட்ல விட்டுட்டீங்களே” என்று எழுதினால் விரல் ஆளை நோக்கித்தான் நீளுகிறது. வினைமுற்றே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். எழுவாயை ஃபங்ஷனுக்கோ உள்ளீட்டுக்கோ கொடுத்துவிட்டால் ஆள் தானாக விலகிவிடுகிறார்.

“நாம” போடுவது இன்னொரு வழி. “நாம இதை Decimal-க்கு மாத்திடலாம்” என்பது நன்றாகவே இருக்கிறது, ஏனென்றால் இனி செய்யப்போவது இரண்டு பேருக்கும் பொது. “நாம இங்க என்ன பண்ணியிருக்கோம்?” என்பது வேறு. சின்னப் பிள்ளையிடம் நோட்டைக் காட்டிக் கேட்கும் வாத்தியார் குரல் அது. நடந்து முடிந்த பிழைக்கு “நாம” போட்டால் அதில் பாசாங்கு தெரியும்.

கடுமையான கமெண்ட்டைப் போலவே எனக்குக் கவலை தருவது அதன் எதிர்ப்பக்கம். ஆளை நோகடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த பிறகு சிலர், “இங்க ரவுண்டிங் கொஞ்சம் பார்த்துக்கலாமா? டைம் இருந்தா பண்ணுங்க, இல்லேன்னாலும் ஓகே” என்று எழுத ஆரம்பித்தார்கள். அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக வந்தவருக்கு இதில் என்ன புரியும்? திருத்தியே ஆகவேண்டுமா, விட்டுவிடலாமா? அவர் “ஓகேண்ணா, அடுத்த தடவை பார்க்கிறேன்” என்று சொல்லி மெர்ஜ் செய்துவிட்டால் குற்றம் அவருடையது இல்லை. விவசாயியின் காசு குறையும் இடத்தில் “இல்லேன்னாலும் ஓகே” என்பது பொய். அதனால் ஒவ்வொரு கமெண்ட்டிலும் அது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கட்டாயமானதைக் கட்டாயம் என்றே எழுதுகிறோம். ஒரு மாறியின் பெயர் இன்னும் தெளிவாக இருக்கலாம் என்பது போன்றவற்றுக்கு முன்னால் `nit:` என்று போடுகிறோம். அது ஆலோசனை, எழுதியவர் மறுக்கலாம், மறுத்தால் நாங்கள் வருத்தப்படுவதில்லை.

அந்தப் பெண்ணின் பதில் சீக்கிரமே வந்தது. “ஜாவாஸ்கிரிப்ட்ல Math.round(66280.5) போட்டா 66281 வரும்ணா. இங்கேயும் அப்படித்தான்னு எடுத்துக்கிட்டேன். லோடு இறக்குற கூலிக் கணக்குலயும் இதே round() இருக்கு, அதையும் சேர்த்து மாத்திடறேன்.” இரண்டு வருடம் ஜாவாஸ்கிரிப்ட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அந்த மொழியைப் பொறுத்தவரை அவர் எழுதியது சரி. “பேசிக் தெரியாதா” என்று கேட்டிருந்தால் இந்தக் காரணம் எங்களுக்குத் தெரிந்திருக்காது. கூலிக் கணக்கில் இருந்த பிழையும் அவர் வாயிலிருந்து வந்திருக்காது. மட்டம் தட்டப்பட்டவர், கேட்ட வரியை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவார்.

திருத்தம் இப்படி வந்தது:

```python
from decimal import Decimal, ROUND_HALF_UP

def bill_amount(tonnes, points, rate):
    amount = Decimal(tonnes) * Decimal(points) * Decimal(rate)
    return amount.quantize(Decimal("1"), rounding=ROUND_HALF_UP)
```

இதில் மூத்தவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. Decimal-க்கு ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால்தான் சுத்தமான எண் கிடைக்கும். `Decimal("0.1")` சரியாக 0.1. ஆனால் `Decimal(0.1)` என்று ஃப்ளோட்டைக் கொடுத்தால் 0.1000000000000000055 என்று தொடங்கி நீளமான ஒரு எண் வரும், ஏனென்றால் ஃப்ளோட்டுக்குள் இருந்ததே அதுதான். எடை மேடையிலிருந்து டன் எந்த வடிவில் வந்து சேர்கிறது என்பது இந்த ஃபைலில் தெரியவில்லை. “ஃப்ளோட் கொடுத்தா சொதப்பும்னு யோசிக்கலையா?” என்று கேட்க எளிது. கேள்விக்குறி இருந்தாலும் அது கேள்வி இல்லை. பதில் தெரிந்துகொண்டே கேட்பது குறுக்கு விசாரணை. அவர் எழுதியது: “tonnes இங்க வரும்போது ஸ்ட்ரிங்கா, ஃப்ளோட்டா? எனக்கு இந்த ஃபைலை வைச்சுத் தெரியலை. ஃப்ளோட்டா இருந்தா str() வழியா போகணும்.” எடை மேடையிலிருந்து ஸ்ட்ரிங்காகவே வருகிறது, முன்பு round()-க்காக அதை ஃப்ளோட்டாக மாற்றிய வரியை இந்தத் திருத்தத்திலேயே எடுத்தாகிவிட்டது என்று அந்தப் பெண் காட்டினார். விஷயம் முடிந்தது. கேட்டவர் தவறாக நினைத்திருந்தாலும் யாருக்கும் முகம் சுண்டவில்லை.

இந்த முறையால் ஆகாத இடங்களும் உண்டு. ஒரே திரியில் இரண்டு தடவை மாறி மாறி எழுதியும் உடன்பாடு வரவில்லை என்றால் மூன்றாவதை எழுத வேண்டாம் என்று சொல்கிறோம். எழுத்தில் குரல் கேட்காது; ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிட ஒரு சுற்று இறுகித்தான் போகும். எழுந்து போய்ப் பேசவேண்டும், அல்லது போன் செய்யவேண்டும். பேசி முடித்ததைத் திரியில் இரண்டு வரியில் எழுதிவைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் பார்ப்பவருக்குக் காரணம் கிடைக்காது.

இடைவெளி, மேற்கோள்குறி, இம்போர்ட் வரிசை, இவற்றைப் பற்றி மனிதர்கள் கமெண்ட் எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதை ஃபார்மேட்டர் செய்யட்டும். எவ்வளவு இதமாக எழுதினாலும், இருபது சின்னத் திருத்தங்களுக்கு நடுவில் வரும் அந்த ரவுண்டிங் கமெண்ட் இருபத்தொன்றாவது நச்சரிப்பாகத்தான் தெரியும்.

ஒரே வகைப் பிழை ஒருவரிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால்? அப்போது பேச வேண்டியது உண்மையிலேயே ஆளைப் பற்றித்தான். அதை மறைக்கத் தேவையில்லை, ஆனால் எல்லோரும் படிக்கும் திரி அதற்கான இடம் இல்லை. தனியாகக் கூப்பிட்டு, நான்கு உதாரணங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். பலரிடமிருந்தும் வந்தால் அது ஆளின் குறையே அல்ல, அணியின் விதி எழுதப்படவில்லை என்று அர்த்தம். round() விஷயத்தில் அப்படித்தான் ஆனது. தேடிப் பார்த்தபோது, மூத்தவர் முன்பு எழுதிய ஒரு ரிப்போர்ட்டிலும் அது இருந்தது. இப்போது பில்லிங் ஃபோல்டருக்குள் வெறும் round() வந்தால் சிஐ சோதனையே நிறுத்திவிடுகிறது. பிழைச்செய்தியாக 8.25 டன் கணக்கையே கொடுத்திருக்கிறோம்.