ஐ.எஃப்.இ. மூன்றாம் நிலைத் தேர்வு: கட்டுப்பாட்டு அறைப் பகுதியை நான் படித்த முறை

இன்ஸ்டிடியூஷன் ஆஃப் ஃபயர் எஞ்சினியர்ஸ் என்னும் பிரிட்டிஷ் அமைப்பின் மூன்றாம் நிலைத் தேர்வுகளை இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்து எழுதுவோர் உண்டு. தீயணைப்புச் செயல்பாடுகள் பற்றிய தாளுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் நுரை, பம்பு, மூச்சுக் கருவி ஆகியவற்றில் நேரத்தைச் செலவிட்டுவிட்டு, கட்டுப்பாட்டு அறையை "தகவல் பெறுதல், வண்டி அனுப்புதல்" என்று இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள நான் பல நாடுகளின் நடைமுறைகளைத் திரட்டாமல் லண்டன் தீயணைப்புப் படையை மட்டும் எடுத்துக்கொண்டேன். 2017இல் லண்டன் அடுக்குமாடி ஒன்றில் பற்றிய கிரென்ஃபெல் கோபுரத் தீ பற்றிய பொது விசாரணையின் முதற்கட்ட அறிக்கை, அன்றிரவு வந்த அழைப்புகளையும் அனுப்பப்பட்ட வண்டிகளையும் நிமிடக் கணக்கில் பதிவு செய்திருப்பதே அதற்குக் காரணம்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இது: எந்த வண்டிகள் முதலில் போக வேண்டும் என்பது, அழைப்பு வருவதற்கு வெகு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எந்த வகைச் சம்பவத்துக்கு, எந்த வகைக் கட்டடத்துக்கு எத்தனை வண்டிகள் என்று படை ஏற்கெனவே வகுத்து வைத்துள்ள தொகுதியைத்தான் பிடிஏ என்கிறார்கள். அழைப்பை எடுப்பவர் முகவரியையும் சம்பவ வகையையும் பதிந்தவுடன் கணினி அந்தத் தொகுதியையும், அவ்விடத்தைச் சாலை வழியாக விரைவில் அடையக்கூடிய வண்டிகளையும் காட்டும். எந்த நிலையத்தின் எல்லை என்பதைவிட வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்பதே கணக்கு. வேறொரு வேலையை முடித்துத் திரும்பிக்கொண்டிருக்கும் வண்டி, நிலையத்தில் நிற்பதைவிட அருகில் இருக்கலாம்; தேம்ஸ் நதிக்கு அக்கரையில் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கும் வண்டி பாலம் சுற்றி வர வேண்டியிருக்கலாம்.

ஆகவே, பேச்சின் முதல் நொடிகள் முழுவதும் முகவரிக்கே போகின்றன. பிரிட்டனின் அவசர எண்ணான 999க்கு வரும் அழைப்பை முதலில் பிரிட்டிஷ் டெலிகாமின் தொலைபேசி இணைப்பாளர் எடுத்து, எந்தச் சேவை வேண்டும் என்று கேட்டு இணைக்கிறார். தரைவழித் தொலைபேசியானால் அதன் முகவரியே திரையில் வந்துவிடும். கைப்பேசியானால், 2014 முதல் பிரிட்டனில் பயன்பாட்டுக்கு வந்த ஏஎம்எல் என்னும் ஏற்பாட்டின்படி, கைப்பேசியே தான் இருக்குமிடத்தைக் கணித்து அனுப்பும். முன்பு கைப்பேசிக் கோபுரத்தை வைத்துக் கிலோமீட்டர் கணக்கில் ஊகித்த இடம், இப்போது பெரும்பாலும் சில பத்து மீட்டர் வட்டத்துக்குள் வருகிறது.

இது எங்கே பிசகும் என்பதை ஒரு கற்பனைச் சூழலை வைத்து நான் படித்தேன். ஒரு பெண் அழைத்து, "சர்ச் ரோட்டில் என் அம்மா வீட்டில் புகை" என்கிறார். லண்டனில் சர்ச் ரோடு என்ற பெயரில் பல தெருக்கள் உண்டு. திரையில் விழும் வட்டம் லெய்ட்டன் பகுதியைக் காட்டுகிறது. அங்கும் ஒரு சர்ச் ரோடு இருக்கிறது. இரண்டும் பொருந்துகின்றனவே என்று வண்டியை அனுப்பினால் தவறாகிவிடக்கூடும், ஏனென்றால் அவர் தம் அலுவலகத்திலிருந்து பேசுகிறார்; தாயின் வீடோ நகரின் மறுகோடியில் வில்ஸ்டனில் இருக்கிறது. "நீங்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறீர்களா?" என்ற ஒரே கேள்வி இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். அடுத்து அஞ்சல் குறியீடோ, வட்டாரப் பெயரோ, குறுக்குத் தெருவோ கேட்டு உறுதி செய்ய வேண்டும். தொலைபேசி எங்கே இருக்கிறது என்பதும் தீ எங்கே எரிகிறது என்பதும் வேறு வேறு தகவல்கள் என்பதை விடையில் தெளிவாக எழுதுங்கள்.

முகவரி உறுதியானதும் என்ன எரிகிறது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா, எத்தனையாவது தளம் என்று கேட்கிறார்கள். இங்கே பலர் தவறாக எழுதுவது, எல்லாக் கேள்விகளும் முடிந்த பிறகே வண்டி கிளம்புகிறது என்பதாகும். முகவரியும் சம்பவ வகையும் தெரிந்த கணமே வண்டிகளுக்கு உத்தரவு போய்விடும். அழைத்தவர் இணைப்பில் இருக்கும்போதே மீதி விவரங்கள் வழியில் செல்லும் குழுவுக்கு வந்து சேரும்.

இனி எண்ணிக்கை. சாதாரண வீட்டுத் தீக்குப் பொதுவாக இரண்டோ மூன்றோ வண்டிகள் போகும் இடத்தில், உயர்ந்த அடுக்குமாடிக்கு 2017இல் லண்டன் பிடிஏ நான்கு வண்டிகள். இந்த எண்ணை மனப்பாடம் செய்வதைவிட அதை வேலைகளிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வண்டியில் நான்கு அல்லது ஐந்து பேர். தீ எரியும் தளத்துக்கு இரண்டு தளம் கீழே, பிரிட்ஜ்ஹெட் எனப்படும் முன்தளம் அமைக்க வேண்டும். அதற்கு ஒரு பொறுப்பாளர் தேவை. மூச்சுக் கருவி அணிந்தோரின் நேரத்தைக் கண்காணிக்க இன்னொருவர் தேவை. உள்ளே செல்பவர்கள் இருவர் இருவராகத்தான் செல்வார்கள். கீழே பம்பை இயக்குபவர், கட்டடத்தின் நிலைக்குழாயில் நீரேற்றுபவர், தீயணைப்பு மின்தூக்கியைக் கையில் வைத்திருப்பவர், மேல்தளத்தைத் தேடும் குழு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டளை அதிகாரி என்று கூட்டிக்கொண்டே போனால், இரண்டு வண்டி ஆட்கள் ஏன் போதாது என்பது தானே விளங்கும்.

ஆனால் அந்த நான்குக்குப் பின்னால் ஓர் அனுமானம் இருந்தது. தீ ஒரு குடியிருப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும், சுவர்களும் கதவுகளும் அதைத் தடுத்து நிறுத்தும் என்பதே அது. வெளியிலிருந்து நீர் பாய்ச்சும் உயர ஏணி வண்டி தொகுதியில் சேர்க்கப்படாததும், மற்ற வீட்டார் தத்தம் வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லப்பட்டதும் அதே அனுமானத்தின் விளைவுகள். 2017 ஜூன் 14 அன்று நள்ளிரவு 12.54க்கு, 24 மாடிக் கிரென்ஃபெல் கோபுரத்தின் நான்காம் தளச் சமையலறையில் பற்றிய தீ குறித்து முதல் அழைப்பு வந்தது. தீ சன்னல் வழியாக வெளிச்சுவரின் பூச்சுப் பலகைகளைப் பற்றி மேலேறியபோது அந்த அனுமானம் உடைந்தது. ஏணி வண்டியை முதல் குழுவினர் வந்து சேர்ந்த பிறகு தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. அந்தத் தீக்குப் பின் லண்டன் படை இத்தகைய கட்டடங்களுக்கு ஐந்து வண்டிகளும் ஓர் ஏணி வண்டியும் என்று பிடிஏவை மாற்றியது.

அனுமானம் உடைவதைக் கட்டுப்பாட்டு அறை எப்படி அறியும் என்பதுதான், என் எண்ணத்தில், இந்தப் பாடத்தின் உயிரான பகுதி. ஒரே கட்டடத்திலிருந்து பல அழைப்புகள் வருவது மட்டும் போதிய அடையாளம் அன்று. தெருவில் நின்று பார்ப்பவர்களும் அழைப்பார்கள். தீ எரியும் தளத்துக்கு வெகு மேலே, வெவ்வேறு தளங்களில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குள் புகை வருகிறது என்று சொல்லத் தொடங்கினால், தீ அடங்கியிருக்கவில்லை என்று பொருள். அந்தச் செய்தி கட்டளை அதிகாரியிடம் போக வேண்டும், அங்கே கண்ணால் காண்பது அறைக்குத் திரும்பி வர வேண்டும். அன்றிரவு இந்த இருவழித் தொடர்பு சரியாக நிகழவில்லை என்பதை அறிக்கை விரிவாகக் காட்டுகிறது. வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரை அதிகாலை 2.47க்குத்தான் முறைப்படி கைவிடப்பட்டது. 72 பேர் இறந்தார்கள்.

கூடுதல் வண்டிகளைக் கேட்பது சம்பவ இடத்து அதிகாரியின் உரிமை. "மேக் பம்ப்ஸ் ஆறு" என்றால் மொத்தம் ஆறாக்குங்கள் என்று பொருள், இன்னும் ஆறு அனுப்புங்கள் என்பதன்று. கிரென்ஃபெலில் இது 40 வரை போனது. இவ்வளவு வண்டிகள் ஓரிடத்துக்குப் போகும்போது, காலியான நிலையங்களுக்குத் தொலைவிலிருந்து வண்டிகளை நகர்த்தி நிறுத்துவதும் அதே கட்டுப்பாட்டு அறையின் வேலைதான். லண்டன் தன் முதல் வண்டி சராசரியாக ஆறு நிமிடத்திலும் இரண்டாவது எட்டு நிமிடத்திலும் சேர வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. பெருந்தீ எரியும் அதே இரவில் நகரின் இன்னொரு மூலையில் பற்றும் சிறு தீக்கும் அந்த இலக்கு பொருந்தும் என்பதால், விடையை எழுதும்போது இந்த நகர்த்தலுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.