ஐ.இ.எல்.டி.எஸ். ஸ்பீக்கிங்: ஆரல்வாய்மொழிக் காற்று

ஜூலை 3, நாகர்கோவில்

ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் பழகுகிறேன். இரண்டாம் பகுதியில் தலைப்பு எழுதிய அட்டை ஒன்றைத் தருவார்கள். இன்றைய அட்டை: ‘மறக்க முடியாத ஒரு பயணம்’. எங்கே, எப்படி, யாரோடு போனீர்கள், ஏன் மறக்க முடியவில்லை என்று நான்கு கேள்விகள். விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனதைச் சொன்னேன். வள்ளுவர் சிலை 133 அடி, திறந்தது 2000-இல் என்று அடுக்கினேன். 48 நொடியில் சரக்கு தீர்ந்துவிட்டது. கூடப் படிக்கிற அக்கா, "நீ டூரிஸ்ட் கைடு மாதிரி பேசுற. போன கதை எங்கடி?" என்றாள். சரிதான். இடத்தைப் பற்றிய தகவல் சீக்கிரம் வற்றிவிடும். நடந்த சம்பவம்தான் பேச்சை இழுத்துக்கொண்டு போகும்.

ஜூலை 5

தயாராக ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதப் போய் ஒன்றரை வரியில் நின்றேன். இன்று ஐந்தே சொல்: அப்பா, ஸ்கூட்டர், காற்று, ஃபைல், துண்டு. முதல் மூன்று கேள்விக்கும் சேர்த்து அரை நிமிடம் போதும். மீதி முழுக்க ஒரே சம்பவத்துக்கு.

ஜூலை 6

வரிசை பிடிபடுவதற்காக முதலில் தமிழில் எழுதினேன்:

"நான் சொல்லப்போவது அப்பாவோடு ஸ்கூட்டரில் திருநெல்வேலிக்குப் போன பயணம். நர்சிங் சேர்க்கைக்காக ஒரு ஜூலை மாதக் காலையில் நாகர்கோவிலிலிருந்து கிளம்பினோம். பஸ்ஸைத் தவறவிட்டிருந்ததால்தான் ஸ்கூட்டர்.

தோவாளை வரை சிக்கல் இல்லை. ஆரல்வாய்மொழியில் மலைக்கு நடுவே கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிக்கொண்டு வரும், அதனால்தான் அங்கே அவ்வளவு காற்றாலைகள். காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. என் கையிலிருந்த சான்றிதழ் ஃபைல் படபடவென்று அடித்தது. திடீரென்று அதன் கிளிப் தெறித்தது. நான் கத்தினேன்.

அப்பா ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். பேசாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஃபைலை என் வயிற்றோடு சேர்த்து இரண்டு சுற்றுக் கட்டி முடிச்சுப் போட்டார். ‘இனி என்னைப் பிடிச்சுக்கோ மக்கா’ என்றார்.

ஏன் மறக்கவில்லை என்றால், அப்பா அதிகம் பேசாதவர். என் படிப்பைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று அந்த முடிச்சில்தான் எனக்குத் தெரிந்தது."

ஜூலை 8

ஆங்கிலத்தில் சொல்லி ஃபோனில் பதிந்தேன். பின்னணி, சம்பவம், காரணம் என்ற வரிசை குலையவில்லை. ஆனால் துண்டு கட்டும் இடத்தில் பரபரப்பில் இறந்தகாலம் போய் நிகழ்காலம் வந்துவிடுகிறது, மூன்று தடவையும் அதே இடத்தில். மனப்பாடம் செய்தால் சரியாகும், ஆனால் ஒப்பிப்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் அந்த நாலு வினைச்சொல்லை மட்டும் தனியாகச் சொல்லிப் பழகுகிறேன்.

ஜூலை 9

2:07. இரண்டு நிமிடத்தில் தேர்வாளர் நிறுத்திவிடுவார். அதற்காக மதிப்பெண் போகாது, ஆனால் என் ‘ஏன்’ கடைசியில் அல்லவா இருக்கிறது! காற்றாலை வாக்கியத்தை வெட்டினேன். 1:54.