கராஜில் காட்டாத கோளாறு: குறியீட்டை அழிக்க விடாதீர்கள்

மாலை நெரிசலில் காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும்போது காரின் எஞ்சின் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். கராஜில் எவ்வளவு ஓடவிட்டாலும் நிற்காது. அதைவிட வயிற்றெரிச்சல், முதலில் காட்டிய இடத்தில் ஸ்கேனரைச் செருகிய கையோடு கோளாறுக் குறியீட்டை அழித்ததுதான். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டது, சரியாம்! குறியீட்டை அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் கூடவே போய்விடும். கோளாறு பதிவான கணத்தில் வேகம், சூடு, ஆர்.பி.எம். எவ்வளவு என்பது அதில்தான் இருக்கும். ஆகவே ஸ்கேனரைச் செருகும் முன்பே, "அழிக்க வேண்டாம், முதல்ல ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறங்கோ" என்று சொல்லி, திரையைப் படம் எடுத்துவிடுங்கள்.

மறுபடி நின்றபோது பதிவானது P0335, அதாவது எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரின் சர்க்யூட். ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 11 கி.மீ., ஆர்.பி.எம். 0, கூலன்ட் 95 பாகை, உள்ளிழுக்கும் காற்று 62 பாகை. வாகனம் உருளுகிறது, ஆனால் கிராங்க் சிக்னல் வரவில்லை. கூலன்ட் சூடு சாதாரணம்; பொனட்டுக்குள் காற்றுத்தான் கொதிக்கிறது. போனில் எழுதி வைத்திருந்த குறிப்பும் இதனோடு பொருந்தியது: ஏசி போட்டு நெரிசலில் ஊர்ந்தால் மட்டும் நிற்கிறது, தெற்கு அதிவேக வீதியில் ஒருநாளும் இல்லை.

இதைக் காட்டியும் பஞ்சிகாவத்தையில் சென்சார் வாங்கி மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் நின்றது. குறியீடு சொல்வது சர்க்யூட்டை. சென்சார், கனெக்டர், வயர் மூன்றும் அதில் அடக்கம்.

அடுத்த கராஜில் வயரை அசைத்துப் பார்த்தார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது எவ்வளவு அசைத்தாலும் எதுவும் தெரியவில்லை. நெரிசலில் ஓட்டி, பொனட்டைத் திறக்காமல் சூட்டோடு கொண்டுபோனதுதான் பலன் தந்தது. ஐட்லில் விட்டு, ஸ்கேனரில் ஆர்.பி.எம். வரைபடத்தை மட்டும் திறந்து, கனெக்டரிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக வயரை மெதுவாக வளைத்தார்கள். விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை மட்டும் நம்பவும் வேண்டாம்: நொடிக்குச் சில அளவுகளே வருவதால் குறுகிய துண்டிப்பு தப்பிவிடும். எஞ்சின் தடுமாறும் சத்தத்துக்குக் காது கொடுங்கள்.

கனெக்டரிலிருந்து நாலு விரல் தள்ளி வளைத்ததும் ஆர்.பி.எம். பூச்சியத்துக்கு விழுந்தது. வயரைப் பிடிக்கும் கிளிப் உடைந்து, எஞ்சின் ஆடும்போதெல்லாம் அந்த இடம் மடிந்து மடிந்து உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. மேல் உறையில் கீறல்கூட இல்லை. ஓர் இழை தொட்டாலே மல்டிமீட்டர் நல்ல அளவு காட்டிவிடும். முன்பு பார்த்தவர்களுக்கு இந்த அறுப்பு சிக்காததற்குக் காரணம் அதுதான்.

பழுதான துண்டை வெட்டி, அதே தடிப்பு வயர் வைத்து ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, புதுக் கிளிப்பில் கொஞ்சம் தளர்வாகக் கட்டினார்கள். குறியீட்டை அழித்தது அதற்குப் பிறகுதான். அதே நேரம், அதே வீதி, ஏசியோடு ஓட்டிவிட்டு, இன்னும் விளக்கை எரியவைக்காத நிலுவைக் குறியீடு ஏதும் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. இல்லை.