கோடு போட்ட கனசதுரமும் போராடி வாங்கிய மதிப்பெண்ணும்

படிக மாதிரிகளின் செய்முறைத் தேர்வு ஒருவழியாக முடிந்தது. மதிப்பெண்ணும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்காக டெமான்ஸ்ட்ரேட்டரிடம் வாதாட வேண்டியிருந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அடுத்து இந்தத் தேர்வுக்குப் போகும் முதலாம் ஆண்டுக்காரர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஏழு படிகத் தொகுதிகளின் பெயர்களும், அச்சு நீளங்களையும் கோணங்களையும் தரும் அந்த அட்டவணையும் உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம் என்று வைத்துக்கொள்கிறேன். தொல்லையே அந்த அட்டவணையால்தான். மூன்று அச்சும் சமம், மூன்று கோணமும் 90 டிகிரி என்றால் ஐசோமெட்ரிக் என்று அதில் இருக்கும். தேர்வில் மேசைமேல் வைப்பதோ ஒரு மரத்துண்டு, இல்லையென்றால் ஒரு கனிமத் துண்டு. அதன் உள்ளே அச்சு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சுற்றிப் பார்த்து எத்தனை சமச்சீர் அச்சு, எத்தனை தளம், மையம் உண்டா இல்லையா என்று எண்ணித்தான் தொகுதிக்கு வரவேண்டும்.

எண்ணுவதற்கு அட்டையில் ஒரு கனசதுரம் செய்துகொள்ளுங்கள். பக்கம் நான்கைந்து செ.மீ. இருந்தால் கையில் சுற்ற வசதி. எதிரெதிர் முகங்களின் நடுவில் விரல்களை வைத்துச் சுற்றினால் 90 டிகிரிக்கு ஒருமுறை பழைய தோற்றம் வரும். அது நான்மடி அச்சு. 6 முகம் என்பதால் 3 அச்சு. எதிரெதிர் மூலைகளைப் பிடித்துச் சுற்றினால் 120 டிகிரிக்கு ஒருமுறை வரும். அது மும்மடி, 8 மூலை, எனவே 4. எதிரெதிர் விளிம்புகளின் நடுப்புள்ளிகளைப் பிடித்தால் 180 டிகிரியில் வரும். அது இருமடி, 12 விளிம்பு, எனவே 6. தளங்களுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போதும். முகங்களுக்கு இணையாக நடுவில் மாட்டினால் 3 தளம், முகத்தின் மூலைவிட்டம் வழியே மாட்டினால் இன்னும் 6. ஆக மொத்தம் 9. மையமும் உண்டு. இது வரை எல்லாரும் சரியாகவே எழுதுவார்கள்.

என் தட்டில் இருந்தது பைரைட். கனசதுரம்தான், ஆனால் முகங்களில் மெல்லிய இணைகோடுகள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொரு முகத்திலும் ஒரே திசையில் மட்டும் ஓடின. அடுத்த முகத்தில் அதற்குச் செங்குத்தான திசை. வளரும்போது கனசதுர முகமும், பைரைட்டோஹெட்ரன் என்கிற ஐங்கோண முகங்கள் கொண்ட வடிவமும் மாறி மாறித் தலைகாட்டுவதால் வரும் படிக்கட்டு போன்ற கோடுகள் இவை. யாரோ கீறிய கீறல் இல்லை. அணு அடுக்கின் சமச்சீரை அப்படியே வெளியே காட்டுகின்றன.

கோடுகளைக் கணக்கில் சேர்த்து எண்ணி 3 இருமடி, 4 மும்மடி, 3 தளம், மையம் உண்டு, தொகுதி ஐசோமெட்ரிக் என்று எழுதினேன். டெமான்ஸ்ட்ரேட்டர் ஒரு பார்வை பார்த்தார், “கனசதுரத்துக்கு 3 நான்மடி, 6 இருமடி, 9 தளம். இதுகூடத் தெரியாதா?” என்று சிவப்பு மையில் அடித்துவிட்டார். “சார், கோடு இருக்கே” என்றேன். “கோடு எல்லாம் படிவத்துல சேராது. நான்மடி அச்சே இல்லைன்னா அது எப்படி ஐசோமெட்ரிக்?” என்றார்.

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ஐசோமெட்ரிக் என்பதற்கு நான்மடி அச்சு தேவையே இல்லை. 4 மும்மடி அச்சுகள் இருந்தால் போதும். மூலைக்கு மூலை ஓடும் அந்த நான்கும் இருந்தாலே x, y, z மூன்று திசைகளும் ஒன்றின் இடத்துக்கு ஒன்று வந்துபோகும். அப்புறம் அவற்றின் நீளம் வேறுபட வழியே இல்லை. அட்டவணையில் உள்ள ‘மூன்றும் சமம்’ என்பது இந்த மும்மடி அச்சுகளால் கிடைக்கும் விளைவு.

சொன்னால் கேட்கவில்லை. எனவே அட்டைக் கனசதுரத்தை எடுத்து அவர் முன்னாலேயே பென்சிலால் கோடு போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். மேலும் கீழும் உள்ள முகங்களில் இட வலமாக. முன்னும் பின்னும் உள்ள முகங்களில் மேல் கீழாக. இட வலப் பக்க முகங்களில் முன் பின்னாக. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை: எந்த விளிம்பை எடுத்தாலும் ஒரு பக்கத்துக் கோடு விளிம்போடு இணையாக ஓட வேண்டும், மறுபக்கத்துக் கோடு விளிம்பில் செங்குத்தாக வந்து முட்ட வேண்டும். ஒரு விளிம்பில் இது தவறினாலும் எங்கோ திசை மாறிவிட்டது என்று அர்த்தம். மேற்கொண்டு எண்ணுவதில் பயனில்லை.

இப்போது மேல் கீழ் முகங்களைப் பிடித்து 90 டிகிரி சுற்றுங்கள். மேல்முகத்தில் இட வலமாக இருந்த கோடு முன் பின்னாகிவிடும். பொருந்தாது. 180 டிகிரி சுற்றினால் பொருந்தும். ஆக நான்மடி அச்சு இருமடியாக இறங்கிவிட்டது. விளிம்பு நடுவில் பிடித்துச் சுற்றினால் மேல்முகமும் முன்முகமும் இடம் மாறும், கோடுகளோ ஒத்துவராது. அந்த 6 இருமடியும் போயிற்று. ரப்பர் பேண்டை மூலைவிட்டமாக மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் கிடைக்கோடு, அதன் பிரதிபலிப்பாக மறுபக்கம் நெடுங்கோடு வர வேண்டும். ஆனால் அங்கேயும் கிடைக்கோடுதான் இருக்கும். 6 மூலைவிட்டத் தளங்களும் போயின. கடைசியாக எதிர் மூலைகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து 120 டிகிரி சுற்றினால், மூலையில் கூடும் மூன்று முகங்களும் கோட்டோடு சேர்ந்து ஒன்றின் இடத்துக்கு ஒன்று நகர்ந்து கச்சிதமாகப் பொருந்தும். நான்கு மூலைவிட்டங்களிலும் அப்படியே.

டெமான்ஸ்ட்ரேட்டர் வாங்கி அவரே சுற்றிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மரமாதிரிப் பெட்டியில் ஒரு டெட்ராஹெட்ரன் கிடந்தது. அதையும் எடுத்து நீட்டினேன். அதில் எங்கே பிடித்தாலும் நான்மடிச் சுழற்சி கிடையாது. ஆனாலும் அதை ஐசோமெட்ரிக் என்றுதான் எல்லாப் பாடநூலும் சொல்கிறது. மூலைக்கும் எதிர்முகத்துக்கும் இடையே 4 மும்மடி அச்சுகள் இருப்பதுதான் காரணம். மதிப்பெண் திரும்ப வந்தது, முகம் கொடுத்துப் பேசாமல்.

மையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதிரியை ஒரு முகத்தில் மேசைமேல் நிறுத்துங்கள். மேலே அதற்கு இணையாக, அதே வடிவத்தில், தலைகீழாக ஒரு முகம் இருக்க வேண்டும். எல்லா முகத்திலும் அப்படி இருந்தால் மையம் உண்டு. டெட்ராஹெட்ரனை நிறுத்தினால் மேலே ஒரு கூர்முனைதான் இருக்கும். கதை முடிந்தது.

அடுத்த தட்டில் கால்சைட்டின் மரமாதிரி. எத்தனை வருடம் எத்தனை கைகள் பட்டதோ, விளிம்பெல்லாம் தேய்ந்து மொழுக்கென்று கனசதுரம் மாதிரியே உருண்டு கிடந்தது. எண்ணும் இல்லை, சீட்டும் இல்லை. கேட்டால் “இருப்பதை வைத்துப் பாருங்கள்” என்ற பதில். இந்த மாதிரி நேரத்தில் ஒரு தாளின் மூலையை எடுத்து முகத்தின் மூலைமேல் வைத்துப் பாருங்கள். கனசதுரமென்றால் சரியாக உட்காரும். கால்சைட் சாய்சதுரம் என்றால் ஒரு மூலையில் தாள் உள்ளே அடங்கிவிடும், பக்கத்து மூலையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முகத்தின் சொந்தக் கோணங்கள் சுமார் 102, 78 டிகிரி. புத்தகத்தில் 105, 75 என்று பார்த்திருப்பீர்கள். அது இரண்டு முகங்களுக்கு இடையிலான கோணம். இரண்டையும் கலந்து எழுதினால் அதற்கும் சிவப்பு மை காத்திருக்கிறது.

கால்சைட் ஏன் கனசதுரம் இல்லை என்பதைக் கையால் உணர 12 உறிஞ்சுகுழல்களை நூலில் கோத்து ஒரு கனசதுரச் சட்டம் கட்டுங்கள். மூட்டுகள் தளர்வாக இருப்பதால் தானாக நிற்காது, அதுதான் நமக்கு வேண்டும். எதிரெதிராக உள்ள இரண்டு மூலைகளை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, 12 விளிம்பும் ஒரே மாதிரி சாயும்படி மெதுவாக அழுத்துங்கள். நீங்கள் பிடித்திருக்கும் மூலைவிட்டத்தைச் சுற்றி மும்மடிச் சுழற்சி அப்படியே இருக்கும். மற்ற மூன்று மூலைவிட்டங்களும் நீண்டுவிட்டன. அவற்றைச் சுற்றினால் எதுவும் பொருந்தாது. நான்கில் ஒன்று மட்டும் மிஞ்சியது, டிரைகோனல் ஆகிவிட்டது. மீதியையும் எண்ணினால் 3 இருமடி, 3 தளம், ஒரு மையம்.

கனசதுரத்தை ஒரே பக்கமாக நீட்டினால் டெட்ராகோனல், மூன்று பக்கமும் மூன்று அளவு என்றால் ஆர்த்தோரோம்பிக். மரமாதிரிக்கு இது சரி. நிஜக் கனிமத்தில் இதை நம்பாதீர்கள். ஒரு பக்கமாக நீண்டு வளர்ந்த ஹாலைட்டைத் தட்டில் வைத்து இரண்டு பேரை டெட்ராகோனல் என்று எழுத வைத்தார்கள். படிகம் வளரும் சூழ்நிலையில் ஒரு முகம் பெரிதாகலாம், இன்னொன்று சிறுத்துப் போகலாம். முகங்களுக்கு இடையிலான கோணம் மட்டும் மாறாது. நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-லேயே குவார்ட்ஸை வைத்துச் சொன்ன விஷயம் இது. எனவே நிஜத் துண்டில் முகத்தின் அளவைப் பார்க்காதீர்கள். பளபளப்பு, கோடு, பிளவு ஆகியவற்றைப் பாருங்கள். ஹாலைட் மூன்று திசையிலும் ஒரே சுத்தமாகப் பிளக்கும், ஆறு முகமும் ஒரே மாதிரி இருக்கும். அப்படியென்றால் நீளம் எதுவானாலும் அது ஐசோமெட்ரிக்தான்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. பைரைட்டிலேயே கோடு இல்லாத வழவழப்பான கனசதுரங்கள் கிடைக்கும். அதைக் கையில் வைத்து எவ்வளவு சுற்றினாலும் 3 நான்மடி, 9 தளம் என்றுதான் வரும். வெளி வடிவம் உள்ளே இருப்பதைவிட அதிகச் சமச்சீர் காட்டலாம், குறைவாகக் காட்டினால்தான் அதற்கு அர்த்தம் தேட வேண்டும். குவார்ட்ஸிலும் இதே கதைதான். நுனியில் உள்ள ஆறு முகங்களும் ஒரே அளவாகச் செதுக்கிய மரமாதிரியில் அறுமடி அச்சு இருப்பதுபோல் தெரியும். நிஜக் குவார்ட்ஸில் பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒன்று பெரிதும் சிறிதுமாக இருக்கும், அச்சு மும்மடிதான். தட்டில் அப்படி ஒரு மாதிரி வந்தால், இது கனிமமா வெறும் வடிவமா என்று எழுதத் தொடங்கும் முன்பே கேட்டு, பதிலை விடைத்தாளின் மேலேயே குறித்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அந்தக் கேள்வியில் மட்டும் சிவப்பு மை விழவில்லை.