காலிப் பலகையில் ஒற்றைக் குதிரை: 168 எங்கிருந்து வருகிறது?

செஸ் பலகையில் வேறு காய் எதுவும் இல்லை. a1 மூலையில் ஒரு குதிரை மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அது போகக்கூடிய கட்டங்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்துத் தாவுகிறது. மறுபடியும் a1-க்கு வந்து சேர சராசரியாக எத்தனை தாவல் ஆகும்?

விடை 168. முழு எண், பின்னம் கிடையாது. இதற்குப் பின்னால் இருக்கும் தேற்றம் சுருக்கமானது. அடுத்த அடி இப்போது இருக்கும் நிலையை மட்டுமே பொறுத்து அமையும் நடைக்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். எந்த நிலையிலிருந்தும் எந்த நிலைக்கும் போக முடிகிற மார்க்கோவ் சங்கிலியில், ஒரு நிலைக்குத் திரும்பிவர ஆகும் சராசரி நேரம் அந்த நிலையின் நிலைத்த நிகழ்தகவின், அதாவது நீண்ட ஓட்டத்தில் அங்கே கழியும் பங்கின், தலைகீழி. மார்க் காட்ஸ் 1947-இல் இதை இன்னும் பொதுவான வடிவில் நிறுவினார், அதனால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. வாய்பாடாகத் தெரிந்தால் எனக்குப் போதவில்லை. 168 என்ற எண் எப்படி உருவாகிறது என்று பலகையிலேயே பார்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் எண்ணிக்கை. மூலைக் கட்டம் நான்கிலும் குதிரைக்கு 2 வழிகள்தான். 3 வழிகள் உள்ள கட்டங்கள் 8, 4 வழிகள் உள்ளவை 20, 6 வழிகள் உள்ளவை 16, நடுவில் 8 வழிகளும் திறந்திருக்கும் கட்டங்கள் 16. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் 8 + 24 + 80 + 96 + 128 = 336. பலகை முழுவதும் குதிரைக்கு இருக்கும் தாவல்கள் இவ்வளவுதான் (b3-யிலிருந்து a1-க்குப் போவது ஒன்று, a1-லிருந்து b3-க்கு வருவது இன்னொன்று என்று தனித்தனியாக எண்ணினால்). இப்படிச் சமவாய்ப்பில் தாவும் நடையில் ஒரு கட்டத்தின் நிலைத்த நிகழ்தகவு அதன் வழிகளின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். மூலைக்கு 2/336. தலைகீழாக்கினால் 168. நடுக் கட்டம் d4-க்கு 8/336, அதாவது 42 தாவலில் திரும்பல்.

சரி, ஓட்டிப் பார்க்கலாம் என்று இதை எழுதினேன்:

```python
import random
D = [(1,2),(2,1),(2,-1),(1,-2),
     (-1,-2),(-2,-1),(-2,1),(-1,2)]

def moves(x, y):
    return [(x+a, y+b) for a, b in D
            if 0 <= x+a < 8 and 0 <= y+b < 8]

pos, last, gaps = (0, 0), 0, []
for t in range(1, 2_000_001):
    pos = random.choice(moves(*pos))
    if pos == (0, 0):
        gaps.append(t - last)
        last = t
print(sum(gaps) / len(gaps))
```

இதில் ஒரே நீண்ட நடையைத்தான் ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் a1-இல் புதிதாகத் தொடங்கி, 500 தாவலுக்குள் வராவிட்டால் அந்த முயற்சியைத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போகிற மாதிரியும் எழுதலாம். ஆனால் அப்படிச் செய்தால் நீண்ட பயணங்கள்தான் பொறுக்கித் தள்ளப்படும், சராசரி 168-க்கு நன்றாகக் கீழே இறங்கிவிடும். நீண்ட பயணங்கள் சராசரியில் எடை போடுகின்றன, அவற்றைக் கழிக்கக் கூடாது.

ஓட்டினால் விடை 168-ஐச் சுற்றித்தான் வருகிறது, ஒரு ஓட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு மூன்று வித்தியாசம் இருக்கும். இருபது லட்சம் தாவல் என்றால் கிட்டத்தட்ட 12,000 திரும்பல்கள், அதற்கு இந்த ஆட்டம் இயல்புதான். ஏனென்றால் இடைவெளிகள் பயங்கரமாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் திட்ட விலக்கம் 200-ஐ ஒட்டி இருக்கிறது, சராசரியைவிடவே பெரிது. நூறு திரும்பல்களை மட்டும் வைத்துக்கொண்டால் சராசரி இருபது அளவுக்கு எளிதாகத் தள்ளிப்போகும்.

`gaps` பட்டியலை அப்படியே கண்ணால் பார்த்தால் இது நன்றாகப் புரியும். அதிகம் தென்படுவது 2. மூலையிலிருந்து குதிரை b3-க்கோ c2-க்கோதான் போக முடியும். அந்த இரண்டுக்கும் தலா 6 வழிகள், அதில் ஒன்று திரும்ப a1. ஆக, ஆறில் ஒரு பங்கு பயணங்கள் இரண்டே தாவலில் முடிந்துவிடுகின்றன. மறுபுறம் நானூறு, எழுநூறு என்று நீளும் பயணங்களும் வந்துகொண்டே இருக்கும். பாதிக்கு மேற்பட்ட பயணங்கள் 168-க்கு முன்பே முடிகின்றன. 168 என்ற இடைவெளியையே தேடிப் பார்த்தால் அது அபூர்வம். அப்புறம், பட்டியலில் ஒற்றைப்படை எண்ணே கிடையாது. குதிரை தாவும்போதெல்லாம் கட்டத்தின் நிறம் மாறுகிறது, அதனால் புறப்பட்ட கட்டத்துக்கு இரட்டைப்படைத் தாவலில்தான் வர முடியும். இதனால் ‘இத்தனையாவது தாவலில் a1-இல் இருக்கும் வாய்ப்பு’ ஒரு எண்ணை நோக்கிப் போய் நிற்காது, ஒற்றைக்கும் இரட்டைக்கும் மாறி மாறி ஆடும். தேற்றத்துக்கு இது இடைஞ்சல் இல்லை. நீண்ட ஓட்டத்தில் a1-இல் கழியும் பங்கு 1/168 என்பதே அதற்குப் போதும்.

இனி எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி. a1-லிருந்து புறப்பட்டு மீண்டும் a1 வரும் வரை உள்ளதை ஒரு பயணம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்தில் ஒவ்வொரு தாவலும் சராசரியாக எத்தனை முறை பயன்படுகிறது என்று எண்ணலாம். s என்ற கட்டத்திலிருந்து வெளியே போகும் வழிகள் எல்லாம் சமவாய்ப்பு, எனவே அவற்றின் சராசரிப் பயன்பாடும் ஒன்றுதான். அதை u(s) என்போம். பயணத்தின் முதல் தாவல் a1-லிருந்து வெளியே போகிறது, வழி இரண்டுதான், ஒவ்வொரு பயணத்திலும் ஒரே ஒரு முறை. ஆகவே u(a1) = 1/2.

ஒரு கட்டத்துக்குள் எத்தனை முறை நுழைகிறோமோ அத்தனை முறை வெளியேறுகிறோம். a1-க்கும் இது பொருந்தும்: தொடக்கத்தில் ஒரு வெளியேற்றம், முடிவில் ஒரு நுழைவு. s-க்கு ஆறு வழி என்றால், வெளியேற்றம் 6 × u(s). நுழைவு என்பது அந்த ஆறு அண்டைக் கட்டங்களின் u-க்களின் கூட்டுத்தொகை. இரண்டும் சமம் என்றால், u(s) என்பது அண்டைக் கட்டங்களின் u-க்களுடைய சராசரி. 64 கட்டத்துக்கும் இதே கதைதான்.

இப்போது u மிகப் பெரிதாக இருக்கும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் அண்டைக் கட்டங்களின் சராசரி, ஆனால் அவற்றில் எதுவும் அதைவிடப் பெரிதில்லை. எனவே அத்தனையும் அதற்குச் சமமாக இருந்தே தீர வேண்டும். அவற்றின் அண்டைகளுக்கும் இதே நியாயம், அவற்றின் அண்டைகளுக்கும். குதிரையால் பலகையின் எந்தக் கட்டத்துக்கும் போய்ச் சேர முடியும் என்பதால் இந்தச் சமம் பலகை முழுக்கப் பரவிவிடுகிறது. a1-இல் அது 1/2 என்று தெரியும். ஆகவே எங்கும் 1/2. மொத்தம் 336 தாவல்கள், ஒவ்வொன்றும் ஒரு பயணத்தில் சராசரியாக அரை முறை. கூட்டினால் 168.

‘எங்கிருந்தும் எங்கும் போகலாம்’ என்ற நிபந்தனை எந்த வரியில் வேலை செய்கிறது என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது. தாவல்களைத் தனித்தனியாக எண்ண ஒரு அகராதியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். பயணங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 336 எண்களும் 0.5-ஐ ஒட்டியே வந்தன. எதிர் மூலை h8-க்கு ஒரு பயணத்தில் சராசரியாக ஒரு வருகை, அதாவது a1-க்கு இருப்பது போலவே. இரண்டே தாவலில் முடியும் பயணங்கள் h8 பக்கமே போவதில்லை என்பதை நினைத்தால், அங்கே போய்ச் சேர்கிற பயணங்கள் எவ்வளவு நேரம் அந்தப் பக்கம் சுற்றியிருக்கும் என்று புரிகிறது. d4-க்கு நான்கு வருகை, b3-க்கு மூன்று.

அரை என்பது சமவாய்ப்பு நடைக்கு மட்டும் கிடைக்கும் சொத்து. பொதுவான சங்கிலியில் எண்ண வேண்டியது வருகைகளை. s-இன் நிலைத்த நிகழ்தகவை π(s) என்று எழுதினால், ஒரு பயணத்தில் s-க்குச் சராசரியாக π(s)/π(a1) வருகைகள். எல்லா நிலைகளுக்கும் கூட்டினால் மேலே 1, கீழே π(a1). தேற்றம் அதுதான்.

விதியை லேசாக மாற்றினால் என்ன ஆகிறது என்றும் பார்த்தேன். `moves` எழுதாமல், எட்டுத் திசைகளில் ஒன்றைத் தேர்ந்து, அது பலகைக்கு வெளியே போனால் குதிரை இருந்த இடத்திலேயே ஒரு முறை நிற்கட்டும் என்று வைத்தால், நிரல் சின்னதாகிறது. ஆனால் அது வேறு சங்கிலி. இப்போது s-லிருந்து t-க்குப் போகும் வாய்ப்பும் t-லிருந்து s-க்கு வரும் வாய்ப்பும் தலா 1/8, எனவே நிலைத்த பரவல் எல்லாக் கட்டத்துக்கும் சமம், 1/64. திரும்பும் நேரம் மூலைக்கும் 64, நடுவுக்கும் 64. மூலையில் நான்கில் மூன்று பங்கு வாய்ப்பில் குதிரை நகரவே நகராது, அப்போது இடைவெளி 1. மீதி ஒரு பங்கில் வெளியே போனால், திரும்பிவர மேலும் x முறை ஆகும் என்க. 64 = 1 + x/4, ஆக x = 252. குதிரையை ஓட்டும் உங்கள் நிரல் 168-க்குப் பதில் 64 காட்டினால், பலகையைத் தாண்டும் தாவல்களை அது எப்படிக் கையாளுகிறது என்று முதலில் பாருங்கள். `gaps`-இல் ஒற்றைப்படை எண்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மற்ற காய்களில் ராஜாவுக்கு மொத்தம் 420 நகர்வுகள், மூலையில் 3, எனவே 140. யானைக்கு எந்தக் கட்டத்திலும் 14 நகர்வு, ஆக எங்கும் 64. ராணிக்கு மொத்தம் 1456, மூலையில் 21. வகுத்தால் 69-உம் மூன்றில் ஒரு பங்கும். முழு எண்ணாகத்தான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மந்திரியிடம்தான் கவனம் வேண்டும். 64 கட்டத்திலும் அதன் நகர்வுகளைக் கூட்டினால் 560, மூலையில் 7. வகுத்தால் 80. ஓட்டிப் பார்த்தால் விடை 40-ஐச் சுற்றி வருகிறது. a1-இல் புறப்பட்ட மந்திரி கறுப்புக் கட்டங்களை விட்டு வெளியே வரவே முடியாது. வெள்ளைக் கட்டங்களின் 280 நகர்வுகளுக்கு இந்தப் பயணத்தில் பங்கே இல்லை. மேலே சொன்ன பரவும் வாதம் நிறத்தின் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. கறுப்புப் பக்கத்தின் 280-ஐ மட்டும் 7-ஆல் வகுக்க வேண்டும்: 40. அங்கே ஒவ்வொரு நகர்வும் ஒரு பயணத்தில் சராசரியாக 1/7 முறை பயன்படுகிறது, வெள்ளைப் பக்கத்தில் பூஜ்யம்.