மெய்யின் நிறம் பக்கத்து உயிரில் தெரியும்: ஒலியியல் செய்முறைத் தேர்வு அனுபவம்

மொழியியல் முதுகலையில் ஒலியியல் செய்முறைத் தேர்வு இப்படி நடக்கும்: ஒரு சொல்லின் ஒலிப்பதிவை மூன்று முறை போடுவார்கள். காதில் விழுந்ததை உலக ஒலிப்பு எழுத்தான IPA குறியீட்டில் எழுத வேண்டும். முதல் தடவை எனக்கு ரஷ்யச் சொற்கள் இரண்டு வந்தன. ஒன்று брат, சகோதரன். மற்றொன்று брать, எடுப்பது. முதலாவதை [brat] என்று சரியாக எழுதிவிட்டு இரண்டாவதற்கு [brati] என்று எழுதினேன். விடை [bratʲ]. அந்தச் சொல்லின் கடைசியில் உயிரே கிடையாது.

தமிழ்க் காதுக்கு இந்தத் தவறு இயல்பாக வரும். நம் மொழியில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை. 'கேட்' நம் வாயில் 'கேட்டு' ஆகிறது, 'பஸ்' 'பஸ்ஸு' ஆகிறது. இறுதி மெய்யைக் கேட்டதும் ஒரு குட்டி உயிரை நாமே ஒட்டிக்கொள்கிறோம். மெய்யில் இகரச் சாயல் இருந்தால் ஒட்டுவதும் இகரமாகிவிடுகிறது.

இந்தச் சாயலைத்தான் பாலட்டலைசேஷன் என்கிறோம். நாக்கு நுனி பல்லருகே த்-க்கான வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதே நேரத்தில் நாக்கின் நடு உடல், 'இ' சொல்லும்போது எழுவதுபோல மேலண்ணத்தை நோக்கி எழும். முதல் வேலை எந்த மெய் என்பதைத் தீர்மானிக்கிறது, இரண்டாவது வேலை அதற்கு நிறம் ஏற்றுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இதில் முக்கியம்.

அந்த இரு பதிவுகளையும் பிறகு Praat என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து பார்த்தேன். брать சொல்லில் த் வெடித்த பின் 'ஸ்' போல ஒரு இரைச்சல்தான் இருந்தது, குரல்நாண் அதிர்வு இல்லை. அதிர்வு இல்லாததால் அது வழக்கமான இகரம் அல்ல. அதைவிடத் தெளிவான சாட்சி முன்னால் இருந்த ஆகாரத்தில் கிடைத்தது. брат சொல்லில் அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்களில் இரண்டாவது, அதாவது இரண்டாம் ஃபார்மண்ட் (F2), சுமார் 1300 ஹெர்ட்ஸில் பெரிதாக அசையாமல் போனது. брать சொல்லிலோ முடிவில் 1800 பக்கம் ஏறியது. நாக்கு உடல் முன்னால் எழுவதால் F2 உயர்கிறது. ஆகவே நான் இப்போது மெய்யை விட்டுவிட்டு உயிரின் வாலைக் கேட்கிறேன். 'ஆ' கடைசிவரை ஆகாரமாகவே நிற்கிறதா, 'ஆய்' பக்கம் சரிகிறதா? சரிந்தால் இகரச் சாயலைக் குறிக்கும் ʲ போடலாம்.

சாயல் வேறு, தனி யகரம் வேறு. ரஷ்யத்தில் полёт என்றால் பறத்தல், польёт என்றால் ஊற்றுவார். இரண்டிலும் ல் மென்மையானது, அதாவது இகரச் சாயல் உடையதுதான். முதலாவதில் ல் விட்டதும் நேராக ஒகரம் தொடங்கிவிடும், இரண்டாவதில் நடுவே ஒரு யகரம் தங்கிச் செல்லும். கேட்கும்போது 'ய்' நீடிக்கிறதா என்று கவனித்தால் பிரிக்கலாம்.

வாயால் பழக ஒரு வழி உண்டு. 'நீ' சொல்லத் தொடங்கி, நாக்கு நுனி பல்லில் ஒட்டியிருக்கும் நிலையிலேயே நிறுத்துங்கள். இப்போது ஈகாரத்துக்குப் பதில் ஆகாரத்துக்கு விடுங்கள். வருவது [nʲa]-வுக்கு மிக அருகில் இருக்கும். நுனி பல்லை விட்டு நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தில் ஒட்டினால் அது 'ஞா' ஆகிவிடும். அதை [ɲ] என்றே எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே முதன்மை ஒலிப்பிடமே மாறிவிட்டது. 'ஐந்து' பேச்சில் 'அஞ்சு' ஆவதும் அப்படி இடம் மாறியதுதான். சாயல் ஏறுவது, இடம் மாறுவது இரண்டுக்கும் பாலட்டலைசேஷன் என்ற ஒரே பெயர் வழங்குவதால் எழுத்துத் தேர்விலும் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

மெய்யோடு சேர்ந்தே உதடும் குவியும் லேபியலைசேஷனுக்கு நான் பயின்றது ஆப்பிரிக்காவின் ஹௌசா மொழியில். அதில் ஆகாரத்துக்கு முன் மூன்று வகைக் ககரம் வரும்: kaya (சுமை), kyau (அழகு), kwana (இரவு தங்குதல்). kwana-வை நாம் 'க்வானா' என்று படித்தால் க் முடிந்த பிறகு உதடு குவிகிறது, அது [kw]. [kʷ]-இல் க் அடைத்திருக்கும்போதே உதடு குவிந்திருக்கும். 'கூ' சொல்லப்போய், உதடு குவிந்த நிலையில் நிறுத்தி, 'ஆ'வுக்கு விட்டுப் பாருங்கள். கண்ணாடி முன் செய்தால் குவிவு எப்போது தொடங்குகிறது என்பது தெரியும். குவிந்த உதடு F2-வைக் கீழே இழுக்கும். எனவே அடுத்து வரும் ஆகாரம் தாழ்ந்த இடத்தில் தொடங்கி மேலே ஏறும். காதுக்கு அது 'ஓ'விலிருந்து 'ஆ'வுக்கு வருவதுபோல இருக்கும்.

F2 தாழ்வை மட்டும் நம்பி உதட்டுக் குவிவைக் குறிக்கும் ʷ போட்டுவிடக் கூடாது. ரஷ்யத்தின் இகரச் சாயல் இல்லாத கடின 'ல்'லிலும் F2 தாழ்ந்தே இருக்கும். அங்கே நாக்கின் பின்பகுதி பின்வாங்குவதுதான் காரணம், உதட்டுக்குப் பங்கில்லை. தேர்வில் ஆசிரியரே சொல்லிக்காட்டினால் முதல் முறை குறிப்பெடுக்காமல் அவர் உதட்டைப் பார்த்துவிடுவேன். ஒலிப்பதிவு மட்டும்தான் என்றால், அடுத்த உயிர் எது என்று முதலில் பார்ப்பேன். உகர, ஒகரத்துக்கு முன் உதடு எப்படியும் குவியும், அங்கே காது தீர்ப்புச் சொல்லாது. ஆகார, இகரங்களுக்கு முன் அந்த ஏற்றம் கேட்டால்தான் ʷ எழுதுகிறேன்.