கோயில் கமிட்டிக் கடிதத்தில் மை அப்பிய பெயர்

மார்ச் 4, சுங்கை சிப்பூட்

எதிர்வீட்டு அக்கா ஒரு கடிதத்தின் படம் அனுப்பினார். அவருடைய தாத்தா வேலை செய்த தோட்டத்தின் கோயில் கமிட்டி, 1958-ல் தமிழ்த் தட்டச்சில் அடித்தது. கடிதத்தைக் கரையான் தின்றுவிட்டதால் இந்தப் படம்தான் மிச்சம். "தாத்தா பேரு இருக்கான்னு பாத்து அப்படியே டைப் பண்ணிக் குடு தம்பி" என்றார். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எழுத்தோரங்கள் கலைந்துவிடும், அதைப் பளிச்சென்று ஆக்கினால் இல்லாத கோடுகூடத் தோன்றும். அதனால் டாக்குமெண்டாக மறுபடி அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 5

இப்போது பரவாயில்லை. ரிப்பன் மை நீலம், தாள் பழுப்பேறி மஞ்சளாக இருக்கிறது. சிவப்பு சானலை மட்டும் பிரித்தேன்: நீல மை அதில் கறுத்துவிடும், மஞ்சள் தாள் வெளுத்துவிடும். பாதிக்கு மேல் தெளிவாக வந்துவிட்டது.

குறிகளைத் தீர்மானித்துக்கொண்டேன். ஓரளவு நம்பிக்கையோடு படித்த சொல்லுக்குப் பின்னால் [?], படிக்கவே முடியாத இடத்தில் [தெளிவில்லை]. இரண்டையும் கலக்கக் கூடாது.

மார்ச் 7

சிக்கல் நன்கொடைப் பட்டியலில். ஒரு பெயரில் 'மு' தெரிகிறது, கடைசியில் 'ன்' தெரிகிறது, நடுவில் மை அப்பிக் கிடக்கிறது. அக்காவின் தாத்தா பெயர் முனியன்.

தட்டச்சில் ஒவ்வொரு எழுத்தும் ஒரே அகல இடம் எடுக்கும், புள்ளியும் இகரக் கொக்கியும் தனி இடம் எடுக்காமல் எழுத்தின் மேலேயே விழும். மேல் வரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அப்பிய இடம் சரியாக இரண்டு எழுத்துக்கானது. முனியன் பொருந்துகிறது. ஆனால் முருகனும் பொருந்துகிறது, முத்தனும் பொருந்துகிறது!

அப்புறம் வால்களைப் பார்த்தேன். ரு, த இரண்டுக்கும் வால் வரிக்குக் கீழே இறங்கும், ன, ய இறங்காது. கறைக்குக் கீழே வால் எதுவும் தெரியவில்லை, அதனால் முனியன்தான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அதே வரியில் நன்றாகத் தெரிகிற 'தோட்டம்' என்ற சொல்லிலும் த-வின் வால் இல்லை. அந்த வரி முழுக்கவே எழுத்தின் அடிப்பக்கம் தாளில் சரியாகப் பதியவில்லை. அப்படியானால் வால் இல்லாதது எதற்கும் சாட்சி ஆகாது.

மு[2 எழுத்து தெளிவில்லை]ன் என்று அடித்தேன்.

மார்ச் 8

தொகையில் 3-ஆ 8-ஆ என்று ஒரு குழப்பம். தேதியில் உள்ள 8-ஐப் பெரிதாக்கி வைத்து ஒப்பிட்டேன். அதில் இடது பக்கம் நன்றாக மூடியிருக்கிறது, தொகையில் அந்தப் பக்கம் மை தொடாமல் வெள்ளையாக இருக்கிறது. 3[?] என்று போட்டேன்.

அக்காவிடம் கொடுத்தபோது முகம் வாடிவிட்டது. "முனியன்னு போட்டா என்ன, நம்ம தாத்தாதானே?" என்றார். நாளைக்கு இவர் பேத்தி படிக்கும்போது கடிதத்தில் இருந்தது எது, நான் சேர்த்தது எது என்று தெரியாமல் போய்விடும், படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். கமிட்டிப் பழைய கணக்குப் புத்தகம் யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று லயத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.